ரத்து என்று எழுதிய ரசீதுகள்

சிறுநீரக நோயாளிகளின் டயாலிசிஸ் செலவுக்கு உதவும் கொச்சி மட்டாஞ்சேரி அறக்கட்டளை ஒன்றுக்குத் தணிக்கைக்குப் போகச் சொன்னபோதே சங்கரி வாய் திறந்திருக்கலாம். அங்கே நன்கொடை வசூலிக்கும் ராசப்பன் அவளுக்கு வேண்டியவர். அப்பா டயாலிசிஸில் கிடந்த காலமெல்லாம் அறக்கட்டளையின் உதவிக் கடிதத்துக்காக ஓடியது அவர்தான். தான் வேலை பார்க்கும் ஆடிட்டர் ஸ்ரீநாத்திடம் அவள் அதைச் சொல்லாமல் கிளம்பிவிட்டாள்.

ரசீதுப் புத்தகங்கள் யார் யாரிடம் போயின, எப்போது திரும்பின என்ற பதிவேடு சரியாகவே இருந்தது. எண்கள் விடுபடவில்லை. ரசீதைக் கிழித்த பின் புத்தகத்தில் தங்கும் அடிக்கட்டைகளின் தொகைகள் ரொக்கப் புத்தகத்தோடும் வங்கிச் சலானோடும் ஒத்துப்போயின. ராசப்பனின் புத்தகங்களில் மட்டும் 'ரத்து' என்று எழுதிய அடிக்கட்டைகள் அதிகம். பிழையான ரசீதின் அசலை அடிக்கட்டையோடு சேர்த்து வைப்பதுதான் முறை. ஒன்றில்கூட அசல் இல்லை.

"அசல் எல்லாம் எங்க, மாமா?"

"மழையில நனஞ்சு போச்சு மோளே. கிழிச்சுப் போட்டுட்டேன்."

அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. ஓர் அடிக்கட்டையில் அடித்த கோட்டுக்குக் கீழே கார்பனில் பதிந்த பெயர் தெரிந்தது: நாணு, யூதத் தெருவான ஜூ டவுனில் மிளகு வியாபாரி. சங்கரி நேரே அவர் கடைக்குப் போனாள். நாணு மேசை டிராயரைத் துழாவி ரசீதை எடுத்து நீட்டினார். அதே எண். பத்தாயிரம் ரூபாய்.

"பைசா கொடுத்தா ரசீது வாங்காம விடமாட்டேன். என்ன, கணக்குல ஏதும் குழப்பமா?"

படம் எடுத்துக்கொண்டாள். அலுவலகம் திரும்பியதும் முதலில் ராசப்பனைத் தனக்குத் தெரியும் என்பதைச் சொன்னாள். பிறகுதான் படத்தைக் காட்டினாள்.

"முதல்லயே சொல்லிருக்கணும், சங்கரி," என்றார் ஸ்ரீநாத். வேலையை வேறொருவரிடம் மாற்றினார். மற்ற நன்கொடையாளர்களுக்கும் கடிதம் போட்டார். ரத்தான எண்களின் அசல்கள் ஒவ்வொன்றாக வந்தன.

அந்த ஞாயிற்றுக்கிழமை ராசப்பன் வீட்டுக்கு வந்தார். அம்மா வைத்த சாயாவைத் தொடவில்லை.

"உங்கப்பாவுக்காக நான் ஓடினது மறந்து போச்சா?"

"மறக்கல மாமா. அப்பா மாதிரி அங்க படுத்துக் கிடக்கறவங்களுக்கு உள்ள பணமாக்கும் அது."

அவர் எழுந்து போய்விட்டார். ஆறிப்போன சாயாவை அம்மா சங்கரியைப் பார்க்காமலே எடுத்துப் போனாள்.

தணிக்கை அறிக்கையில் கணக்கில் வராத நன்கொடை தெளிவாகக் குறிக்கப்பட்டது. அறங்காவலர்கள் ராசப்பனை நீக்கிப் போலீசில் புகார் கொடுத்தார்கள். எடுத்ததில் பாதியைத்தான் அவரால் திருப்பிக் கட்ட முடிந்தது. எதற்காக எடுத்தார் என்பதை அவர் யாரிடமும் சொல்லவில்லை.

ஒருநாள் சந்தையில் அவர் மனைவி பொன்மணி சங்கரியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"உள்ள போட்டுருவாங்களா மோளே? நீ படிச்சவ, சொல்லு."

சங்கரிக்கு அந்தக் கையை உதற மனம் வரவில்லை. கூட்டத்தின் நடுவே அதை இன்னும் இறுகப் பற்றிக்கொண்டாள்.