நான் போட்ட ஆறு மதிப்பெண்

குழந்தை பிறந்த நாலாம் நாள், பூண்டுக் குழம்பில் உப்பு குறைச்சல் என்று தேம்பித் தேம்பி அழுதேன். கடலூர் முதுநகரில் அம்மா வீட்டில் இருந்தேன். பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்து, "நர்ஸு, நீயே இப்படி அழுவலாமா?" என்றாள். கடலோரக் கிராமங்களில் கர்ப்பிணிகளையும் பிள்ளை பெற்றவர்களையும் வீடு வீடாகப் போய்ப் பார்க்கிற கிராம சுகாதாரச் செவிலியர் வேலை எனக்கு. அதனால் மூக்கைச் சிந்திக்கொண்டே அவளுக்குப் பாடம் நடத்தினேன். "இது பேபி ப்ளூஸ். ரெண்டு மூணு நாள்ல வரும், ரெண்டு வாரத்துல தானா போயிடும். பயப்பட ஒண்ணும் இல்ல."

சொன்னது சரிதான். பெரும்பாலான தாய்மார்களுக்கு வரும், போகும். எனக்குப் போகவில்லை.

இரண்டு வாரம் முடிந்தது. மூன்று, நான்கு. அழுகை நின்றுவிட்டது, அதுதான் மோசம். அழக்கூட ஒன்றும் இல்லாமல் போனது. குழந்தை தூங்கும்போதும் எனக்குத் தூக்கம் வரவில்லை. சோறு மண் மாதிரி இறங்கியது. என் மகளைப் பார்த்தால் யாரோ வைத்துவிட்டுப் போன பிள்ளை போல இருந்தது; அப்படித் தோன்றியதற்காக என்னையே காறித் துப்ப வேண்டும் போலவும் இருந்தது. நான் இல்லாவிட்டால் இவள் நன்றாக வளர்வாள் என்ற நினைப்பு முதலில் விருந்தாளி மாதிரி வந்தது. பிறகு வீட்டுக்காரன் மாதிரி உட்கார்ந்துகொண்டது.

இரண்டு வாரத்துக்கு மேல் போனால் அது ப்ளூஸ் இல்லை, மன அழுத்த நோய் என்பது எனக்கு மனப்பாடம். ஊருக்கு உபதேசம் செய்கிற வாய் ஆயிற்றே. ஆனால் சொன்னால் பைத்தியம் என்பார்கள், பிள்ளையைப் பிடுங்கிக்கொள்வார்கள், இவளை நம்பி எவள் தன் குழந்தையைக் காட்டுவாள் என்பார்கள். சிதம்பரத்தில் வேலை பார்த்த என் கணவர் ஞாயிற்றுக்கிழமை வந்து, "டயர்டா இருக்கியா?" என்பார். ஆமாம் என்பேன். அத்தோடு சரி.

ஆறாவது வாரத் தடுப்பூசிக்கு அம்மாவோடு பக்கத்துத் துணை சுகாதார நிலையத்துக்குப் போனேன். அங்கிருந்த செவிலி எனக்கு ஐந்து வருஷம் ஜூனியர். அக்கா, அக்கா என்று சுற்றி வருபவள். எங்கள் இருவருக்கும் ஒரே பயிற்சியில் கொடுத்த பத்துக் கேள்வித் தாளை நீட்டினாள். கடந்த ஏழு நாளில் சிரிக்க முடிந்ததா, காரணமில்லாமல் உங்களையே பழித்துக்கொண்டீர்களா, காரணமில்லாமல் பயந்தீர்களா, தூக்கமே வராத அளவுக்கு வருத்தம் இருந்ததா என்று போகும். ஒவ்வொன்றுக்கும் பூஜ்யம் முதல் மூன்று வரை மதிப்பெண். பத்தைத் தாண்டினால் கவனிக்க வேண்டும். பதின்மூன்றுக்கு மேல் என்றால் டாக்டரிடம் அனுப்பியே தீர வேண்டும். கடைசிக் கேள்வி, உங்களுக்கே தீங்கு செய்துகொள்ளும் எண்ணம் வந்ததா என்பது. அதில் ஒரு மதிப்பெண் வந்தாலே, கூட்டுத்தொகை எதுவானாலும், அந்த ஆளை அப்படியே விட்டுவிட்டுப் போகக் கூடாது.

எந்தக் கேள்விக்கு மேலிருந்து கீழே எண்ண வேண்டும், எதற்குக் கீழிருந்து மேலே எண்ண வேண்டும் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். எல்லாவற்றுக்கும் பூஜ்யம் போட்டால் சந்தேகம் வரும் என்று, தூக்கத்துக்கு ஒன்று, பயத்துக்கு ஒன்று எனப் பிரித்துப் போட்டு ஆறு வரவைத்தேன். அம்மா தோளோடு தோள் உரசிக்கொண்டு பார்த்திருந்தாள். பத்தாம் கேள்விக்கு, ஒருபோதும் இல்லை.

செவிலி தாளைப் பார்த்துத் தலையாட்டினாள். குழந்தைக்கு ஊசி போட்டாள். பிள்ளை வீறிட்டது. பால் கசிந்து என் மார்பு நனைந்தது, கை மட்டும் எழவில்லை. மடியில் கிடந்து கத்துகிற குழந்தையை, பஸ்ஸில் யாருடைய பிள்ளையோ அழுவதைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மாதான் அள்ளிக்கொண்டாள்.

"ஊசி போட்டா அரை மணி நேரம் இங்கயே இருக்கணும்மா. வராண்டாவுல காத்தா இருக்கும், தூக்கிட்டுப் போய் உக்காருங்க" என்று அம்மாவை அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினாள். புதுத் தாள் ஒன்றை எடுத்தாள்.

"எதுக்குடி இன்னொண்ணு? அதான் குடுத்துட்டேனே."

"அது நர்ஸு எழுதுனது. நான் வாயால கேக்கறேன், நீ சொல்லு."

கோபம் வந்தது. நேற்று வந்தவள் என்னைக் கேட்கிறாள் என்று பல்லைக் கடித்தேன். ஒன்பது கேள்விக்கும் வேண்டாவெறுப்பாகப் பதில் சொன்னேன்; சொல்லச் சொல்ல மதிப்பெண் ஏறுவது எனக்கே தெரிந்தது. பத்தாவதைக் கேட்டுவிட்டுப் பேனாவை மேஜைமேல் வைத்துவிட்டாள்.

"வருதுடி," என்றேன். "தினமும் வருது. புள்ளைய எங்கிட்டருந்து வாங்கிடாதீங்கடி."

"யாருக்கா வாங்குறா? உன்னக் காப்பாத்தத்தான் கேக்கறேன்."

அன்று பகலே என் கணவருக்குப் போன் செய்துவிட்டு, குழந்தையோடும் அம்மாவோடும் அவளே என்னைச் சிதம்பரம் பெரிய ஆஸ்பத்திரி மனநலப் பிரிவுக்குக் கூட்டிப்போனாள். அங்கிருந்த டாக்டரம்மா அவர்களை வெளியே உட்காரவைத்துவிட்டு என்னிடம் நிறையக் கேட்டார். சாக ஏதாவது வழி யோசித்து வைத்திருக்கிறேனா, குழந்தையை ஏதாவது செய்யத் தோன்றியதா, இல்லாத குரல் கேட்கிறதா, முன்பு எப்போதாவது தூங்காமலே தலைகால் புரியாத உற்சாகத்தில் இருந்தேனா. குரலும் கிரலும் இருந்தால் அது வேறு நோய், அன்றே அட்மிட் செய்திருப்பார்கள். எனக்கு அதெல்லாம் இல்லை. தைராய்டுக்கும் ரத்தசோகைக்கும் ரத்தம் எடுத்தார்கள். பிறகு என் அனுமதியோடு, போன் கேட்டு வந்து சேர்ந்திருந்த என் கணவரையும் அம்மாவையும் உள்ளே கூப்பிட்டார்.

"இது திமிரு இல்ல, சோம்பல் இல்ல, நோயி. வாரா வாரம் கவுன்சிலிங் வரணும், மாத்திரையும் போடணும். பால் குடுக்கலாம், இந்த மாத்திரை பால்ல ரொம்ப கொஞ்சமாத்தான் போவும். மாத்திரை வேலை செய்ய ரெண்டுலருந்து நாலு வாரம் ஆவும். அதுவரைக்கும் இவுங்கள தனியா விடாதீங்க. ராத்திரி ஒரு வேளை பால் எடுத்து வச்சு நீங்க குடுங்க, இவுங்க தூங்கட்டும். நல்லாயிட்டாலும் ஆறு மாசத்துக்குக் கொறையாம போடணும், நீங்களா நிறுத்தக் கூடாது."

"ஒரு மாத்திரைல போயிடுமா, டாக்டர்?" என்றார் என் கணவர். அவருடைய குரல் நடுங்கியதை அன்றுதான் கேட்டேன்.

போகவில்லை. முதல் இரண்டு வாரம் நரகம். மாத்திரை வயிற்றைப் புரட்டியது, சாகிற நினைப்பு அப்படியே இருந்தது, நம்பி ஏமாந்தோம் என்று வேறு தோன்றியது. அம்மா குளியலறைக் கதவுக்கு வெளியே ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருப்பாள். நான்காவது வாரம் பசித்தது. வேறெதுவும் மாறவில்லை, பசித்தது. இரண்டு தோசை தின்றேன். இன்னும் பத்து நாள் கழித்து மகளின் காதுக்குப் பின்னால் ஒரு மச்சம் இருப்பதைப் பார்த்தேன். பிறந்ததிலிருந்து இருந்திருக்கிறது.

ஆறு மாத விடுப்பு முடிந்து வேலையில் சேர்ந்த முதல் நாள், விடுப்புக்கு முன் மற்ற தாய்மார்களுக்கு நான் போட்ட பழைய கேள்வித் தாள்களை எடுத்துப் பார்த்தேன். வரிசையாகப் பூஜ்யம், ஒன்று, பூஜ்யம். எல்லாமே மாமியாரையும் நாத்தனாரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, "நல்லாத்தான இருக்க?" என்று கேட்டு நான் நிரப்பியவை. பிள்ளை பெற்று ஒரு வருஷம் ஆகாதவர்களைப் பொறுக்கி எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

முதல் வீட்டில் அந்தப் பெண்ணின் குழந்தைக்கு ஒன்பது மாதம். மாமியார் மீன் விற்கப் போயிருந்தாள். கதவைச் சாத்திவிட்டு, எனக்கு என்ன வந்தது, நான் என்ன மாத்திரை சாப்பிடுகிறேன் என்று முதலில் சொன்னேன். பிறகு பத்தாவது கேள்வியைக் கேட்டேன்.

அவள் தூளியை ஆட்டுவதை நிறுத்தினாள்.

"லீவுல போறதுக்கு முன்ன மூணு மாசமா இந்த வாசல்ல போய்க்கினு வந்துக்கினு இருந்தியே நர்ஸம்மா," என்றாள். "இப்பத்தான் கேக்கறியா?"