மாரிசெல்வி ஒட்டிய கவர்

சாத்தூர் பஸ் ஸ்டாண்டு பக்கம் போகும்போதெல்லாம் வண்டியை மெதுவாக்கி ஒரு மாடியை அண்ணாந்து பார்ப்பேன். மாரிசெல்வி ஸ்டுடியோ என்று போர்டு தொங்கும். லைட் எரிகிறதா என்று மட்டும் பார்த்துவிட்டுப் போய்விடுவேன். மேலே ஏறினால் டீ வாங்கித் தருவாள், பழைய கதையை எடுப்பாள், எனக்குக் கண் கலங்கும், அவள் சிரிப்பாள். அந்தச் சிரிப்புக்கு நான் ஆளில்லை.

என் பெயர் அருணாதேவி. சிவகாசியில் பதினாறு வருஷமாகக் கல்யாணம், காதுகுத்து, சடங்கு எல்லாவற்றுக்கும் வீடியோ எடுக்கிறேன். வெடிக் கம்பெனிகள் புதுச் சரக்கைக் கொளுத்திக் காட்டும் வீடியோவும் எடுப்பதுண்டு. அந்தப் பதினாறில் நாலு வருஷம் மாரிசெல்வி என்னோடு இருந்தாள். என் வாய் பொல்லாத வாய். அதைத் தாங்கிக்கொண்டு நாலு வருஷம் இருந்த ஒரே பிறவி அவள்தான்.

வந்த புதிதில் அவள் செய்த கூத்தை முதலில் சொல்ல வேண்டும். அதற்கு முன்னால் அச்சங்குளத்தில் ஒரு வெடிக் கம்பெனியில் பாக்கிங் செக்‌ஷனில் ஏழு வருஷம் இருந்தவள். மத்தாப்புப் பெட்டியைச் சரசரக்கிற பாலிதீன் கவரில் போட்டு, காற்றை அமுக்கி வெளியே தள்ளி, வாயை ஒட்டுகிற வேலை. துணியில் ஒட்டி வரும் மருந்து நெடி ஒத்துக்கொள்ளாமல் இருமிய தன் அம்மாவுக்காக அந்த வேலையை விட்டு என்னிடம் வந்தாள். அந்தக் கூத்து, நவநீதகிருஷ்ணன் என்ற வெடிக் கம்பெனிக்காரருக்கு ஒரு பொட்டலில் வீடியோ எடுத்த நாளில் நடந்தது. சொல்லாமல் கொள்ளாமல் மழை கொட்டிவிட்டது. கேமராவைச் சேலை முந்தானைக்குள் ஒளித்துக்கொண்டேன். போன் நனைந்துவிட்டது. மழை விட்டு வெயில் சுள்ளென்று அடித்தது. வெடிமருந்து நனைந்தால் மேடையில் பரப்பிக் காயப்போடுகிற கையாச்சே, என் போனையும் கொண்டுபோய்ச் சூடேறிய சிமெண்டு மேடையில் வெயில் பார்க்க வைத்துவிட்டாள். பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை பக்குவமாகத் திருப்பி வேறு போட்டிருக்கிறாள், அப்பளம் மாதிரி.

சாயங்காலம் பார்த்தால் பேட்டரி உப்பி, பின்பக்க மூடி பிளந்துகொண்டு நின்றது.

"ஏட்டி, கூறுகெட்டவளே! இது என்ன, சரவெடியா?" என்று நான் கத்தின கத்தில் பொட்டலில் மேய்ந்த ஆடுகள் திரும்பிப் பார்த்தன.

"ஈரம்னா வெயில்லதானக்கா காயப்போடுவாக" என்றாள். அழவில்லை. அதுதான் என் கோபத்தை இன்னும் கிளப்பியது.

போன் ரிப்பேர்க் கடைக்காரர் காமராஜ் மூக்குக் கண்ணாடிக்கு மேலாக எங்கள் இருவரையும் பார்த்தார். "நனைஞ்ச உடனே ஆப் பண்ணணும். தொடைச்சிட்டு, சார்ஜ்ல போடாம, நெழல்ல, பேன் காத்துல ஒரு நாள் கெடக்கட்டும். வெயிலும் ஆகாது, ஹேர் டிரையரும் ஆகாது. அரிசிக்குள்ள பொதைக்கவே பொதைக்காதீக, அந்த மாவு சார்ஜ் ஓட்டைக்குள்ள போய் ஒட்டிக்கிடும்" என்றார். மாரிசெல்வி அதை அங்கேயே பில் தாளின் பின்பக்கம் எழுதிக்கொண்டாள்.

அன்றைக்குப் பிடித்தது அவளுக்கு இந்த ஈரப் பைத்தியம். என் கேமராப் பைக்குள் நான் கேட்காமலே ஒரு உலகம் உருவாயிற்று. செருப்புக் கடை, பேக் கடையில் எல்லாம் சிலிக்கா ஜெல் பொட்டலம் பொறுக்கி வந்து போட்டாள். நீல மணி ரோஜா நிறத்துக்கு மாறினால் ஈரம் குடித்துவிட்டது என்று அர்த்தமாம். சோற்றுக்கு ஆகாத ஒரு பழைய சட்டியில் சிறுதீயில் சூடேற்றி மறுபடி நீலமாக்குவாள். ஆலங்குளத்தில் சிமெண்டு ஆலை பக்கம் ஒரு வீட்டு விசேஷத்துக்குப் போனோம். சுண்ணாம்புத் தூசி முகத்தில் பவுடர் பூசிவிட்டது. நான் வாசலில் நின்றபடியே லென்ஸைக் கழற்றப் போனேன். கையைப் பிடித்துக் காருக்குள் தள்ளி, கண்ணாடியை ஏற்றிவிட்டு, "இப்பக் கழத்துங்க" என்றாள். லென்ஸில் தூசி இருந்தால் நான் உடனே சேலையால் துடைப்பேன், விடவே மாட்டாள். முதலில் ரப்பர் பந்தை அமுக்கிக் காற்றடிக்க வேண்டும், அப்புறம் பிரஷ், கடைசியில்தான் துணி. "மணலோட தேச்சா கீறிரும்க்கா, கண்ணுல மண்ணு விழுந்தா இப்படியா தேப்பீக?"

முதலாளி யார், வேலைக்காரி யார் என்று ஊரே குழம்பியது. கேட்டவர்களிடம் எரிந்து விழுந்தேன். உள்ளுக்குள் எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

பிறகு அந்தக் கல்யாணம் வந்தது.

செல்லச்சாமி அண்ணாச்சி அந்த அச்சங்குளம் கம்பெனியில் போர்மேனாக இருந்தவர். மாரிசெல்வியைப் பாக்கிங்கில் சேர்த்ததே அவர்தான். அவருடைய ஒரே மகள் பிரீத்திகாவுக்குத் திருச்செந்தூரில் வைத்துக் கல்யாணம் செய்வதாக நேர்ந்திருந்தார். கல்யாணத்துக்கு ரெண்டு மாசம் முன்னால் அவருக்கு வாதம் அடித்தது. வலது பக்கம் விழுந்துவிட்டது, வாய் ஒரு பக்கம் கோணிக்கொண்டது. பயணம் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். நேர்ந்ததை மாற்றவும் அவருக்கு மனசில்லை. நாங்கள் புறப்படும் முன்னால் சாத்தூரில் அவர் வீட்டுக்குப் பார்க்கப் போனபோது, இடது கையால் மாரிசெல்வியின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"தாலி... கட்டுறத... பாக்கணும்" என்றார். அதைச் சொல்லி முடிக்க அவருக்கு அவ்வளவு நேரமாயிற்று.

"நான் காட்டுதேன் அண்ணாச்சி" என்றாள் அவள்.

கடற்கரையை ஒட்டிய சின்ன மண்டபம். திறந்த முற்றத்தில் மணவறை, அலைச்சத்தம் காதில் விழும் தூரம். கார்த்திகை மாசத்து உப்புக் காற்று கையைப் பிசுபிசுவென்று ஆக்கியது. வீடியோ காலில் அண்ணாச்சிக்குக் காட்டலாம் என்றார்கள். சிக்னல் ஒரு கோடு வருவதும் போவதுமாக இருந்தது. ஆக, எங்கள் கேமராதான்.

உப்புக் காற்றுக்குப் பயந்து ரெண்டு கேமராவையும் முந்தின நாளே என் ஏசி அறைக்குள் வைத்துப் பூட்டிவிட்டேன். மாரிசெல்வி மறித்தாள். "ஒண்ணையாவது வெளிய வெப்போம்க்கா. ஏசியில குளுந்து போனத அப்படியே வெளிய எடுத்தா ஐஸ் தண்ணி சொம்பு மாரி வேர்த்துப்போவும்."

"அம்புட்டும் உனக்குத்தான் தெரியும். நீ வந்தா எனக்குப் படிச்சுக் குடுக்கே?" என்றேன்.

அவள் ஏசி அறைக்குள்ளேயே ரெண்டு கேமராவையும் தனித்தனிக் கவரில் போட்டு, ஜெல் பொட்டலம் வைத்து, காற்றை அமுக்கி, வாயைச் சுருட்டி டேப் ஒட்டினாள். "வெளிய கொண்டு போனதும் பிரிச்சிராதீக. வேர்க்கிறது கவருக்கு மேல வேர்க்கட்டும். அரை மணியோ, முக்கா மணியோ, சூடாகட்டும். அப்புறம் தெறக்கலாம்." அவள் ஏசி இல்லாத பக்கத்து அறையில் மணப்பெண்ணின் அத்தை பாண்டிலட்சுமியோடு படுத்துக்கொண்டாள். தன் போனையும் ஜன்னலோரமாய் வைத்துக்கொண்டாள்.

ஏழு மணிக்குத் தாலி என்றுதான் பேச்சு. ஆறு மணிக்குக் கவர்களோடு வெளியே வந்தோம். மேகம் கறுத்திருந்தது. "மழ வலுக்க முன்னாடி கட்டிருவோம், முகூர்த்த நேரம் பொறந்தாச்சுல்லா" என்று மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவர் சொல்ல, நாதஸ்வரக்காரர் சீவாளியை வாயில் வைத்துவிட்டார். ஆறேகால்கூட ஆகவில்லை.

நான் உடனே கவரை எடுத்தேன்.

"அக்கா, வேண்டாம்!"

பதறாத காரியம் சிதறாது என்பார்கள். எனக்குப் பதறாமல் என்ன தெரியும்? பல்லால் கடித்துக் கிழித்தேன். கேமராவை வெளியே எடுத்து மூன்று எண்ணுவதற்குள் லென்ஸ் வெள்ளையாகிவிட்டது. துணியால் துடைத்தேன், துடைத்த கையோடு மறுபடி பூத்தது. ரெண்டாவதையும் கிழித்தேன். அதற்கும் அதே கதிதான். திரையில் மணமக்கள் பாலுக்குள் விழுந்த மாதிரி இருந்தார்கள். தூறல் வேறு விழ ஆரம்பித்தது. சாத்தூரில் படுத்த படுக்கையாக ஒரு மனுஷன் இதற்காகக் காத்துக் கிடக்கிறார். ஐயோ, என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

"ஏட்டி, ஒண்ணுந் தெரியலயே!" என்று அலறினேன்.

"நான் எடுக்கேன்க்கா. நீங்க குடையப் பிடிங்க."

அவள் தன் போனை எப்போதோ கவருக்குள் போட்டிருந்தாள். லென்ஸ் இருக்கும் இடத்தில் மட்டும் சின்னதாகக் கத்தரித்து, ஓட்டையைச் சுற்றி டேப் ஒட்டியிருந்தது. கவர்மேல் தூறல் விழுந்ததும் திரை தானாக எங்கெங்கோ தாவியது. அவள் திரையைத் தொடவேயில்லை. சத்தம் கூட்டுகிற பட்டனை அமுக்கினாள், ரெக்கார்டு ஓடத் தொடங்கியது. சிறு துணியால் லென்ஸில் விழுந்த துளியை ஒற்றி எடுத்துவிட்டு மணவறைக்குப் பக்கத்தில் முழங்காலிட்டாள். அத்தனை வருஷத் தொழில்காரி நான், அவளுக்குக் குடை பிடித்துக்கொண்டு நின்றேன்.

மூணு முடிச்சும் விழுந்தது.

சொந்தக்காரர்கள் எடுத்ததைப் பிறகு பார்த்தோம். எல்லாம் குடையும், முதுகும், உப்புத் தண்ணீர் வழிந்த லென்ஸும்தான். துலக்கமாக இருந்தது அவளுடையது ஒன்றே ஒன்று. சத்தம்தான் கொஞ்சம் மோசம். மைக்கின் மேலே பாலிதீன் கிடந்ததால் மேளச் சத்தம் அமுங்கி, காற்றில் கவர் சரசரவென்று உரசிக்கொண்டே இருந்தது. நடுவில் என் அலறல் வேறு. அதையெல்லாம் வெட்டிவிட்டு ஒரு பாட்டைப் போடுகிறேன் என்றேன். "அண்ணாச்சி மொதல்ல பாக்கட்டும்க்கா" என்றாள். ஊருக்குக் கிளம்பும் முன்னால் ஈரத்துணியால் கேமராவின் உப்பைத் துடைத்து, காய்ந்த துணியால் இன்னொரு தரம் துடைத்துப் பையில் வைத்தாள். கிழிந்த கவரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மத்தியானம் சாத்தூர் போய்ச் சேர்ந்தோம். அண்ணாச்சியைத் தலையணையில் சாய்த்து உட்காரவைத்து, போனை முகத்துக்கு நேராகப் பிடித்தாள். பிரீத்திகா மாலையோடு கட்டிலுக்குக் கீழே உட்கார்ந்திருந்தாள். வீடியோவில் நான் அலறினேன், யாரும் சிரிக்கவில்லை. தாலி கட்டி முடிந்தது. அவர் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்து கோணிய வாயோரம் இறங்கியது. மறுபடி போடச் சொல்லிச் சைகை செய்தார். ரெண்டாவது தரம் அவர் கண்ணை மூடிக்கொண்டார். கண்ணை மூடியபடி காதை மட்டும் போன் பக்கம் திருப்பினார். சரசர, சரசர என்று கவர் உரசிக்கொண்டிருந்தது.

அவர் இடது கையைத் துழாவி மாரிசெல்வியின் தலையில் வைத்தார்.

"நம்ம... பாக்கிங்" என்றார்.

போன் மேடையில் வெந்த அன்றைக்கு அழாதவள், என் ஏச்சுக்கு நாலு வருஷமும் அழாதவள், அங்கே கட்டில் சட்டத்தில் நெற்றியை வைத்து அழுதாள். நான் எழுந்து வாசலுக்கு வந்துவிட்டேன்.

அடுத்த தை மாசம் அவளை நானே தனியாகக் கடை போடச் சொன்னேன். இனி அவளை என் கீழே வைத்துக்கொள்ள எனக்கு வாயில்லை. அண்ணாச்சி போன வருஷம் போய்ச் சேர்ந்தார். கடைசி வரைக்கும் அந்த வீடியோவுக்குப் பாட்டுப் போட விடவில்லை என்று பிரீத்திகா சொன்னாள்.

இப்போது ஏசி அறையிலிருந்து கேமராவைக் கவரோடு வெளியே எடுத்து வைத்துவிட்டு, நான் முக்கால் மணி நேரம் சும்மா உட்கார்ந்திருக்கிறேன். என்னிடம் புதிதாகச் சேர்ந்த பெண் சுகிர்தா, "பிரிக்கட்டுமாக்கா?" என்று கேட்டுக்கொண்டே இருப்பாள்.

"பொறுட்டி" என்பேன்.