சிவப்புக் கொடிகள் காணாமல் போன காலை

ஒரகடத்தில் பிரேக் பாகங்கள் செய்யும் கம்பெனியில் மெயில் சர்வர் என் பொறுப்பு. அப்போது எம்பாக்ஸ் முறை: ஒரு ஃபோல்டரின் மெயிலெல்லாம் சேர்ந்து ஒரே கோப்பு. அது வீங்கிப்போய், மெயில் திறக்கவே சர்வர் திணறியது. மெயிலுக்கு ஒரு கோப்பு என்று பிரித்துவைக்கும் மெயில்டிர் முறைக்கு மாற்ற, ஆயுத பூஜை லீவைத்தான் பிடித்தேன். பொட்டு வைத்த மெஷினை அன்று யாரும் தொடமாட்டார்கள், மெயிலும் வராது. நெட்டில் கிடைத்த புரோகிராமை ஓட்டிவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் முதல் ஷிப்டிலேயே குவாலிட்டி அக்கா வந்து நின்றார். குன்றத்தூர்க்காரர், சத்தம் போட்டால் லைனே நிற்கும்.

"இன்னா தம்பி பண்ண? எல்லா மெயிலும் படிக்காத மாதிரி கீது! என் செவப்புக் கொடி ஒண்ணுகூட இல்ல!"

குறை இருக்கிறதென்று நிறுத்திவைத்த லாட்டுகளின் மெயிலில் அவர் கொடி போடுவார். அதைப் பார்த்துத்தான் டிஸ்பாட்சுக்குச் சொல்வார். வேறு கணக்கே கிடையாது. கேட்டில் லாரி உறுமிக்கொண்டிருந்தது. விரிசல் விட்ட பிரேக் அதில் ஏறிப் போய்விட்டால்?

பழைய கோப்புகளை இன்னொரு டிஸ்கில் வைத்திருந்தேன், தப்பித்தேன். திறந்து பார்த்தால் ஒவ்வொரு மெயிலின் மேல்வரிகளிலும் படித்ததற்கும் கொடிக்கும் உண்டான குறிகள் பத்திரமாக இருந்தன. அந்தப் பாழாய்ப்போன புரோகிராம் அவற்றைப் படிக்கவே இல்லை. எல்லாவற்றையும் புது மெயில் விழும் 'நியூ'வில் தள்ளிவிட்டிருந்தது. சர்வரை நிறுத்திவிட்டு, மெயில் அடையாள எண்ணை ஒப்பிட்டு, பார்த்த மெயில் இருக்கும் 'கர்'க்கு நகர்த்தி, கோப்புப் பெயரின் கடைசியில் படித்ததற்கு S, கொடிக்கு F சேர்க்கும் ஸ்கிரிப்ட் எழுதினேன். டிஸ்பாட்ச் சூப்பர்வைசர் போனில் கத்தினார்: "லாரிய வுடட்டுமா, இல்லியா?"

"இருங்க சார், கும்புடுறேன்!"

கொடிகள் வந்தன. அக்காவின் முகம் மட்டும் தெளியவில்லை. "ஹோல்டு.2 எங்கடா? லீவுக்கு மின்னாடி நிறுத்தின லாட்டு அதுலதான் கீது, ஃபோல்டரே காணும்!"

அட கடவுளே! புதிய முறையில் ஃபோல்டர் பெயரில் புள்ளி வந்தால், சர்வருக்கு அது உள்ஃபோல்டர். 'ஹோல்டு'க்குள் '2' என்று பிளந்து, அவர் திரையில் தெரியாமலே கிடந்தது. புள்ளியை எடுத்துவிட்டுக் கோடு போட்டு, அவர் பட்டியலில் சேர்த்தேன். திறந்தார். ஒரே ஒரு கொடி. லாட் எண்ணைப் படித்தவர் போனைப் பிடுங்கினார்.

"லாரில கடைசியா ஏத்தின பெட்டிங்க அந்த லாட்டுதான், எல்லாத்தையும் எறக்கு! வண்டிய அசைக்காத!"

பெட்டிகள் எல்லாம் இறங்கின. பிறகு கேட்டார், "அந்தக் கொடி நெசமா எங்க கீது, காட்டு."

கோப்புப் பெயரின் வாலில் இருந்த F-ஐக் காட்டினேன்.

"இந்த ஒரு எழுத்தா?" என்றவர் அங்கேயே நாற்காலியில் உட்கார்ந்து அழுதுவிட்டார்.