தனியாகவும் வரலாம்

நரம்பு டாக்டர் ஆங்கிலத்தில் சொல்லிப் பதிவு செய்யும் கடிதத்தை, நோயாளிக்குப் புரியும் தமிழில் சுருக்கி எழுதுவது கிளினிக்கில் ஃபர்சானாவின் வேலை. சோமனூர் பங்காரம்மாவுக்கு எழுதியதை வாசித்துக் காட்டினாள்:

"உங்களுக்குப் பார்க்கின்சன் நோயின் ஆரம்பம். மாத்திரை நடுக்கத்தைக் குறைக்கும், நோயைப் போக்காது. நீங்களாக நிறுத்தக் கூடாது. ஆறு வாரம் கழித்து வீட்டார் ஒருவருடன் வரவும்."

"ஊட்ல நான் ஒருத்திதானுங்க. கூட ஆளில்லாட்டி வரக்கூடாதுங்களா? அப்ப இதோட உட்டுறேனுங்க."

"அட, உட்ராதீங்க. கொஞ்சம் உக்காருங்க."

ஃபர்சானா டாக்டரிடம் கேட்டாள். அவர் சம்மதித்ததும் கடைசி வரியை மாற்றினாள்: "தனியாகவும் வரலாம். சொல்வதை எழுதிக் கொடுப்போம்."

பங்காரம்மா காகிதத்தை வாங்கிக்கொண்டார். "உங்க ஊட்ல ஆரு இருக்கறாங்க அம்மணி?"

"டிவி இருக்குதுங்க."

"எங்கூட்லயும் அதேதான்."

பங்காரம்மா பஸ்ஸுக்குக் கிளம்பினார். ஃபர்சானா ஹெட்போனை மாட்டி, டாக்டரின் அடுத்த கடிதத்தைக் கேட்கத் தொடங்கினாள்.