முன்கூட்டியே பிடித்து வைத்த தண்ணீர்

டயாலிசிஸ் பிரிவின் மூத்த டெக்னீஷியனுக்கு ஆஸ்பத்திரியில் வைத்த பெயர் பட்டாசு. ஒன்று கேட்டால் பத்தாகப் பொரிந்து தள்ளுவாள். வீட்டிலும் அதே கதைதான். வேன் ஓட்டுகிற புருஷன், தன் வண்டிக்கு ஹாரனே வேண்டாம், இவளை முன்சீட்டில் உட்கார வைத்தால் போதும் என்பான். அம்மா மெதுவாகப் பேசினால்தான் பயம் என்பாள் மகள். ஆனால் ஊசி குத்த அவள்தான் வரவேண்டும் என்று நோயாளிகள் அடம்பிடிப்பார்கள்.

வியாழக்கிழமை லிஃப்ட் கதவில் ஊழியர்களுக்கான அறிவிப்பு ஒன்று ஒட்டியிருந்தது. சனிக்கிழமை காலை முதல் மாலை வரை மேல்நிலைத் தொட்டியைச் சுத்தம் செய்கிறார்களாம். எதிர்பார்க்கப்படும் பாதிப்பு: குழாய்களில் தண்ணீர் வராது. 'தேவையான தண்ணீரை முன்கூட்டியே பிடித்து வைத்துக்கொள்ளவும். பிரச்சினை இருந்தால் பராமரிப்புப் பிரிவுக்கு போன் செய்யவும்.'

படித்ததும் அவளுக்குக் கோபம் தலைக்கு மேல் ஏறிவிட்டது. பல் தேய்க்கவா கேட்கிறாள் தண்ணீர்? நாலு மணி நேரம் படுத்திருக்கும் ஒரு நோயாளிக்கே நூறு லிட்டருக்கு மேல் வேண்டும். அதுவும் சுத்திகரித்து, குழாய் வழியாக, ஒரே அழுத்தத்தில் மெஷினுக்குள் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். அழுத்தம் குறைந்தால் மெஷின் அலறிவிட்டு வேலையை நிறுத்திவிடும்.

அறிவிப்பில் இருந்த எண்ணுக்குப் போன் போட்டாள். எடுத்தவன் பொறுமையாகக் கேட்டு, புகாராகப் பதிந்துகொண்டான். அரை மணியில் பதில் வந்தது: சனிக்கிழமை தண்ணீர் வராது என்பது திட்டமிட்ட பணி, எனவே புகார் முடித்து வைக்கப்பட்டது. பிரச்சினையைச் சொன்னதற்குப் பிரச்சினையையே பதிலாக அனுப்பியிருக்கிறார்கள், நாசமாய்ப் போக.

வெள்ளிக்கிழமை பராமரிப்பு இன்ஜினியரின் அறைக்கே போனாள். தொட்டி நடுச்சுவர் வைத்த இரண்டு அறைகள்தானே, ஒன்றைக் கழுவும்போது மற்றதிலிருந்து தங்கள் பிரிவுக்கு மட்டுமாவது தண்ணீர் விடலாமே என்று கேட்டாள். அப்படிச் செய்தால் இரண்டு நாள் இழுக்கும், வெளி ஆட்கள் ஒரு நாளைக்குத்தான் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள் என்றார் அவர். சனிக்கிழமை நோயாளிகளை வேறு நாளைக்கு மாற்றிக்கொள்ளலாமே என்று யோசனை வேறு சொன்னார். ஞாயிறு பிரிவே திறப்பதில்லை, திங்கள் செவ்வாயில் ஒரு படுக்கை காலியில்லை, இவர்கள் புதன்கிழமை கடைசியாக வந்தவர்கள், அதுவரை உடம்பு தாங்காது என்று அவள் கத்தினாள். அவர் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"நோட்டீஸ் ஒட்டியாச்சு மேடம். முன்னாடியே சொல்லிட்டோம்ல."

வெளியே வந்தவள் ஒரு முடிவு செய்தாள். யாரையும் வரவேண்டாம் என்று அவள் வாயால் சொல்லப்போவதில்லை.

சனிக்கிழமை காலை முதலில் வந்தவர் தையல்காரர். இருபது வருடம் மிஷின் மிதித்த கால்கள் செருப்புக்குள் நுழையாமல் வீங்கியிருந்தன. படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று ராத்திரி முழுக்க உட்கார்ந்தே கழித்தாராம். எடை போட்டுப் பார்த்தாள். புதன்கிழமை போனதைவிட நாலு கிலோ கூடுதல், அத்தனையும் சிறுநீராகப் பிரியாமல் உடம்பிலேயே தங்கிப்போன தண்ணீர். அந்த நேரம் பார்த்துக் குழாய் கொரகொரவென்று இருமி நின்றது.

யாரையும் திட்டவில்லை அவள். பணியில் இருந்த டாக்டரை அழைத்து வந்தாள். அவர் நெஞ்சில் கருவியை வைத்துப் பார்த்துவிட்டு, இன்றைக்கே மெஷினில் போட்டாக வேண்டும், தள்ளிப்போட முடியாது என்றார். ஆக்சிஜன் சிலிண்டர் மாட்டிய சக்கர நாற்காலியில் தையல்காரரை உட்காரவைத்து, டாக்டரையும் கூட்டிக்கொண்டு, அதே தளத்துக் கோடியில் இருந்த இன்ஜினியர் அறைக்குத் தள்ளிப் போனாள்.

"சார், பிரச்சினை இருந்தா சொல்லச் சொன்னீங்க. கூட்டிட்டு வந்திருக்கேன்."

மெதுவாகத்தான் சொன்னாள். மகள் கேட்டிருந்தால் நடுங்கியிருப்பாள்.

இன்ஜினியர் எழுந்து நின்றார். தையல்காரருக்குச் சங்கடமாகிவிட்டது, தன்னால் இந்தத் தங்கச்சிக்கு வேலையில் ஏதும் வந்துவிடக் கூடாதே என்று சிரிக்கப் பார்த்தார். மூச்சு வாங்கி வாங்கி, சொல் சொல்லாகச் சொன்னார்.

"லிஃப்ட்ல நோட்டீஸ் பார்த்தேன் சார். தண்ணியைப் பிடிச்சு வச்சுக்கச் சொல்லியிருந்தீங்க. நான்தான் நாலு கிலோ பிடிச்சு வச்சிருக்கேனே."

சொல்லிவிட்டு வேட்டியை ஒதுக்கி, கட்டைவிரலால் முழங்காலுக்குக் கீழே அழுத்திக் காட்டினார். விரலை எடுத்த பிறகும் குழி அப்படியே நின்றது. இன்ஜினியர் அது நிரம்பும் என்று பார்த்துக்கொண்டே இருந்தார். நிரம்பவில்லை. வாக்கிடாக்கியை எடுத்து, மேலே இருந்தவர்களிடம் இரண்டாவது அறையைத் தொடவேண்டாம், அதிலிருந்து டயாலிசிஸ் குழாயைத் திறந்துவிடுங்கள் என்றார். எத்தனை நாளாகும் என்று அங்கிருந்து கேட்டார்கள். ஆகிற நாள் ஆகட்டும் என்றார்.

அவளுக்குக் கோபம் அப்போதும் தீரவில்லை. இந்தக் காலைத் தள்ளிக்கொண்டு வந்து காட்டித்தானா தண்ணீர் வாங்க வேண்டும்? நாற்காலியைத் திருப்பியவள் வாசலில் நின்றாள்.

"அடுத்த நோட்டீஸ்ல பாதிப்புன்னு எழுதுறீங்கள்ல சார், அந்த இடத்துல இவர் காலை எழுதுங்க."

தையல்காரர் வேட்டியை இழுத்துவிட்டுக்கொண்டார். அவள் நாற்காலியைத் தள்ளினாள்.