கே1 முந்திக்கொண்ட கதை

புனே அருகே ஆகுர்டியில் எங்கள் தொழிற்சாலையின் ஸ்டோர் கீப்பர் ஆண்டனி பேரிங் திருடுகிறார் என்று 2003இல் எல்லோரும் பேசினார்கள். முதலில் கிளப்பிவிட்டவன் கம்ப்யூட்டர் பிரிவு முகுந்த். பேரிங் வந்ததற்குக் கணக்கு இருந்தது, பிரிவுகளுக்குக் கொடுத்ததற்கு இல்லை, அலமாரியோ காலி. அன்றிலிருந்து கேட்டில் காவலாளிகள் ஆண்டனியின் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து பார்த்தார்கள்.

பாகங்களின் பழைய குறியீடுகளை அப்போதுதான் புதியதாக மாற்றியிருந்தார்கள். வரவைப் புதிய குறியீட்டில் கையால் டைப் செய்தார்கள். ஆண்டனி பொருள் கொடுத்த கணக்கை மட்டும் முகுந்தின் புரோகிராம் மாற்றியது. என்னோடு வேலை பார்த்த கிரிஜாவுக்கு அதன்மேல்தான் சந்தேகம். திறந்து பார்த்தாள். K1ஐ M7 ஆக்கும் வரி மேலே இருந்தது. பேரிங்கின் K12ஐ P3 ஆக்கும் வரி கீழே இருந்தது.

"K1 வரி முதல்ல ஓடி, K12க்குள்ள இருக்கற K1ஐயும் மாத்தி M72 ஆக்கிடுச்சு. அப்புறம் மாத்தறதுக்கு K12 எங்க இருக்கும்? இது கூடவா தெரியாது?" என்று முகுந்திடம் கத்தினாள்.

நீளமான குறியீடுகள் முதலில் வரும்படி வரிசையை மாற்றி, குறியீடு மாறுவதற்கு முந்தைய கணக்கின் நகலில் மறுபடி ஓட்டினாள். கொடுத்த பேரிங்கெல்லாம் P3 என்று வந்து நின்றன. கணக்கு நேரானது.

"அண்ணே, உங்க மேல தப்பே இல்ல" என்று ஆண்டனியிடம் போய்ச் சொன்னாள்.

"அது எனக்குத் தெரியும்மா. கேட்டுல சொல்லிட்டாங்களா?"

அன்று மாலையும் அவர் டப்பாவை மட்டும் திறந்து பார்த்தார்கள்.