நூற்றைம்பது சஹன்

கோட்டுச்சேரியைத் தாண்டி வரிச்சிக்குடிப் பக்கம் நடந்துகொண்டிருந்தேன். தோளில் பை. பையில் இரண்டு சட்டை, ஒரு கைலி, போன் சார்ஜர். பின்னால் வந்த பஸ்கள் இரண்டு முறை வேகத்தைக் குறைத்துப் பார்த்துவிட்டுப் போயின. எங்கே இறங்க வேண்டும் என்று தெரியாதவன் டிக்கெட் எடுப்பதில் அர்த்தமில்லை.

அன்று மதியம்வரை காரைக்காலில் ஒரு கல்யாணச் சாப்பாட்டுக் கடையில் வேலை பார்த்தேன். சமைக்கிற வேலை இல்லை, எழுதுகிற வேலை. எட்டாவதோடு நின்றவனுக்கு எழுத்து வேலை எப்படிக் கிடைத்தது என்றால், எனக்கு அந்த ஊரில் யாரையும் தெரியாது. முதலாளிக்கு எல்லாரையும் தெரியும். பாதிப் பேர் சொந்தம், மீதிப் பேர் வெள்ளிக்கிழமை பள்ளிவாசலில் ஒரே வரிசையில் நிற்பவர்கள். யாரிடமும் 'முடியாது' என்று அவரால் சொல்ல முடியாது. சொல்வதற்கு ஓர் அந்நியன் வேண்டியிருந்தது. என்னைச் சேர்த்துக்கொண்டு, மாடியில் அரிசி மூட்டைகளுக்குப் பக்கத்தில் படுக்க இடமும் கொடுத்தார்.

சமையல் செய்கிற பண்டாரி முதல் நாளே சொல்லிவிட்டார். "பார்ட்டி வந்து சத்தம் போட்டா பாய் ஒன்னய வெளிய போடான்னு வெரட்டுவாரு. பேசாம போயிரு. கடைத்தெருவுல ஒரு டீ குடிச்சிட்டு திரும்பி வா. முன்னாடி இருந்தவன் இப்படி ஒம்போது தடவ வேலைய விட்டுப் போயிருக்கான்."

நான் இரண்டு முறை போய் வந்திருந்தேன். டீ நன்றாகத்தான் இருந்தது.

மூன்றாவது முறைக்குக் காரணம் ஒரு வலிமா, நிக்காஹ் முடிந்து மாப்பிள்ளை வீட்டார் கொடுக்கும் விருந்து. ஞாயிறு மதியம், நூற்றைம்பது சஹன். சஹன் என்பது பெரிய தட்டு. சோறும் கறியும் வைத்து நடுவில் போட்டால் நான்கு பேர் சுற்றி உட்கார்ந்து சாப்பிடுவார்கள். எங்கள் ஆர்டர் எல்லாம் சஹன் கணக்குத்தான். மாப்பிள்ளையின் அத்தா (அப்பாவை அங்கே அப்படித்தான் சொல்வார்கள்) மூன்று வாரத்துக்கு முன்பே வந்து, நூற்றைம்பது என்று உறுதிசெய்து, ஆர்டர் பாரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போயிருந்தார். வியாழக்கிழமை சாயங்காலம் வாட்ஸப்பில் அவரிடமிருந்து செய்தி வந்தது. நூற்றுப் பத்து போதும்.

காரணத்தையும் அவரே எழுதியிருந்தார். கல்யாணப் பத்திரிகையில் நானாவின், அதாவது தன் அண்ணனின், பெயரைத் தனக்குக் கீழே போட்டுவிட்டாராம். அந்த வீட்டார் ஒருத்தரும் வரப்போவதில்லையாம். நாற்பது சஹன், நூற்று அறுபது வாய், ஒரு வரியில் கோபித்துக்கொண்டு போய்விட்டது.

கொல்லையில் ஆடுகள் ஏற்கனவே வந்து கட்டிக் கிடந்தன. முதலாளி அவற்றைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"எழுது. கறாரா எழுது. ஆனா மரியாதையா எழுது."

"ரெண்டுல எது முக்கியம் பாய்?"

"ரெண்டும். நான் சொன்னதா மட்டும் எழுதிராத."

பாரத்தின் பின்பக்கத்தில் ஐந்து நிபந்தனைகள் உண்டு. நான் வந்ததிலிருந்து யாரும் அந்தப் பக்கத்தைத் திருப்பிப் பார்த்ததில்லை. வெள்ளி காலை இப்படி எழுதி அனுப்பினேன்:

"மதிப்பிற்குரிய ஐயா, தங்கள் செய்தி கிடைத்தது. நூற்றைம்பது சஹன் என்று தாங்கள் உறுதிசெய்து கையெழுத்திட்ட பாரத்தின் மூன்றாவது நிபந்தனைப்படி, விருந்துக்கு ஏழு நாள் முன்புவரை எண்ணிக்கையைக் குறைக்கலாம். அதற்குப் பின் கூட்டலாம், குறைக்க இயலாது. ஆடுகள் வாங்கியாகிவிட்டதால் இப்போது குறைக்க வழியில்லை. பழமும் ஐஸ்கிரீமும் இன்னும் வாங்கவில்லை. அவற்றை நூற்றுப் பத்துக்குக் குறைத்துக்கொள்கிறோம். மீதி நாற்பது சஹன் சாப்பாட்டைத் தாங்கள் சொல்லும் வீடுகளுக்குப் பொட்டலமாகக் கட்டிக் கொடுக்கிறோம். பாரத்தின் படம் இணைத்துள்ளோம்."

முதலாளி மூன்று முறை படித்தார். "எட்டாவதா படிச்ச நீ? கலெக்டர் ஆபீஸ்லேர்ந்து வந்த மாதிரி இருக்கு," என்றார். அன்று எனக்கு ஈரல் வறுவல் தனியாக வந்தது.

சனிக்கிழமை மதியம் மாப்பிள்ளையின் அத்தா வந்தார். வெள்ளைச் சட்டை, அத்தர் வாசனை, கையில் போன். சலாம் சொல்லி உட்கார்ந்தவர் என்னைப் பார்க்கவில்லை.

"நானா, இத நீங்கதான் எழுதுனீங்களா?"

முதலாளி போனை வாங்கினார். வாழ்க்கையில் முதன்முறையாகப் படிப்பவர்போல உதடு அசைய, கடைசிவரை படித்தார். அவ்வளவு நேர்த்தியாக நடிப்பவர் சமையல் தொழிலுக்கு வந்தது வீண் என்று நினைத்துக்கொண்டேன்.

"அல்லாவே. யாரு அனுப்புனது இத?"

"கையெழுத்து போட்டதெல்லாம் நெசந்தான்," என்றார் வந்தவர். "போட்டேன். படிச்சிட்டா போட்டேன்? நம்மளுக்குள்ள அதெல்லாம் யாரு படிக்கிறா? முடியாதுன்னா ஒரு போன் போட்டு முடியாதுன்னு சொல்லுங்க, கேட்டுக்கிறேன். நிபந்தனை மூணாம். போட்டோ வேற. நான் என்ன கோர்ட்டுக்கா போனேன்? எங்க வீட்டு குரூப்புல போட்டேன், சம்பந்தி வீட்டு ஆளுங்க சிரிக்கிறாங்க. அதுல ஒருத்தன் ஐஸ்கிரீம் கொறஞ்சிருச்சான்னு கேக்கிறான்."

இதை குரூப்பில் போட்டது யார் என்று கேட்க எனக்கு நாக்கு துடித்தது. என் உத்தியோகத்தில் அதற்கு இடமில்லை.

"புதுப் பையன்," என்றார் முதலாளி. "ஊரு பேரு தெரியாதவன். டேய், எந்திரி. வெளிய போடா."

எழுந்தேன். டீக்கடையை நோக்கி நாலு அடி வைத்தேன். வந்தவர் கையைத் தூக்கினார்.

"இருங்க தம்பி. நானா, இவரு டீ குடிச்சிட்டு வந்துருவாருன்னு ஊருக்கே தெரியும். அது வேணாம். நூத்தம்பதே இருக்கட்டும். நான் கொறைக்கல. வர்றவன் வரட்டும், வராதவன் வீட்டுக்குக் கட்டி அனுப்புறேன். ஆனா இத எழுதுனவரு இந்தக் கடையில இருக்கக் கூடாது. நெசமா."

முதலாளி கணக்குப் போட நேரம் எடுத்துக்கொள்ளவில்லை. கொல்லையில் ஆடு கத்தியது. அவர் முகத்தில் ஒரு பெரிய நிம்மதி பரவியதை நான் பார்த்தேன். என் கடிதம் எதைக் காப்பாற்ற எழுதப்பட்டதோ அது முழுசாகக் காப்பாற்றப்பட்டுவிட்டது. என்னைப் பற்றி அந்த ஐந்து நிபந்தனைகளில் ஒரு வார்த்தையும் இல்லை.

அவரே மாடிக்குப் போய் என் பையை எடுத்து வந்தார். அன்றுவரைக்கும் உள்ள சம்பளத்தைக் கையில் வைத்தார். கண்ணடிப்பார் என்று எதிர்பார்த்தேன். அடிக்கவில்லை. வந்தவர் நான் தெரு முனை திரும்பும்வரை வாசலில் நின்று பார்த்தார்.

வரிச்சிக்குடி வந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. வயல் வேலை முடித்தவர்கள் சைக்கிளில் கலைந்துகொண்டிருந்தார்கள். ஒரு கட்டடத்தில் சித்தாள் வேலை இருக்குமா என்று ஒருவரிடம் விசாரித்துக்கொண்டிருக்கும்போது போன் அடித்தது. பண்டாரி.

"எங்கடா இருக்கே?"

சொன்னேன்.

"பூவம் வரைக்கும் நடந்து போயிறாத. நாளைக்குப் பாத்திரம் கழுவ வர்ற ரெண்டு பேரும் காய்ச்சல்னு படுத்துட்டானுவ. காலைல வர்றியா?"

"அந்த வலிமாவுக்கா? அவரு பாத்தா?"

"சஹன் கழுவுறவன் மூஞ்சிய எவன்டா பாக்குறான். பாய்க்கிட்டச் சொல்லல, சொன்னாலும் காதுல விழாத மாதிரி இருந்துக்குவாரு. கூலி நான் தரேன்."

அன்றிரவு அங்கேயே பஸ் நிறுத்தத்தில் படுத்தேன். விடிவதற்கு முன் முதல் பஸ்ஸில் திரும்பினேன். வலிமா நடக்கும் மண்டபத்தின் பின்பக்கம், குழாயடியில், கடையின் சாமான் கிட்டங்கியிலிருந்து வந்த சஹன்கள் நூற்றைம்பதும் தூசியோடு அடுக்கி நின்றன. பரிமாறுவதற்கு முன் எல்லாம் வெந்நீரில் கழுவித் துடைத்துக் கவிழ்த்திருக்க வேண்டும். கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். ஒவ்வொன்றும் நான்கு பேர் சுற்றி உட்காரும் அகலம். ஓரத்தில் தேய்க்கிற நார் போகாத மடிப்பு ஒன்று எல்லாவற்றிலும் இருந்தது.

நூற்றுப் பத்து முடிந்தபோது நிமிர்ந்து முதுகைத் தட்டிக்கொண்டேன். வெள்ளிக்கிழமை நான் வேறு மாதிரி எழுதியிருந்தால் அத்தோடு எழுந்திருக்கலாம். மூன்றாவது நிபந்தனைப்படி இன்னும் நாற்பது இருந்தது. அடுத்ததை எடுத்துத் தேய்க்க ஆரம்பித்தேன்.